ஐம்பது வயது நண்பரை எப்படிக் கேலி செய்வது?

(பெங்களூரு கிளையின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற 2025 செப்டம்பரில் எங்கள் மல்லேஸ்வரம் குடியிருப்பில் ஒரு நண்பருக்கு ஐம்பது வயது பூர்த்தியாயிற்று. அன்று அவரைப் பற்றி வேடிக்கையாக ஐந்து நிமிஷம் பேசினேன். அதைக் கேட்ட நம் செயலாளர், "அதையே இங்கேயும் பேசுங்கள்" என்றார். அதையே பேசினால் அந்த நண்பரைத் தெரியாத உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஆகவே அந்தப் பேச்சு எப்படித் தயாரானது, எதைச் சேர்த்தேன், எதை நீக்கினேன் என்பதையும் கூடவே சொல்ல உத்தேசம். உங்களில் பலருக்கு இந்த வேலை வந்து சேரும். அறுபதுக்கு நாம் சாந்தி, ஹோமம் என்று செய்கிறோம். புகையில் யாரும் மைக் பிடிக்க முடியாது. தம்பதிகளை நமஸ்காரம் பண்ண வந்தவர்கள் கேலி செய்யவும் முடியாது. ஐம்பதுக்கு நம் வீடுகளில் பெரிதாக ஒன்றும் கிடையாது. கேக்கும் மைக்கும்தான். அங்கேதான் ஆபத்து.

இங்கிலீஷில் இதற்கு 'ரோஸ்ட்' என்று பெயர். நியூயார்க்கில் 1904-ல் தொடங்கிய ஃப்ரையர்ஸ் கிளப் என்ற நடிகர்கள் சங்கம் இதைப் பிரபலமாக்கியது. ஒருவரை நடுவில் உட்கார வைத்து நண்பர்கள் ஒவ்வொருவராக வறுத்தெடுப்பார்கள். பிரியமானவர்களைத்தான் வறுப்போம் என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட கொள்கை. ரோஸ்ட் என்றதும் நமக்கு நினைவு வருவது காபிக்கொட்டை. பச்சையாக இருந்தால் மணமில்லை, கருகினால் டிகாக்ஷன் கசக்கும். இடையில் இருக்கும் அவகாசம் மிகக் கொஞ்சம்.

ஆனால் இதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நமக்கில்லை. நம் கல்யாணங்களில் நலங்கு இருக்கிறதே! மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து தேங்காய் உருட்டி, ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைத்து விளையாடும்போது, இரண்டு பக்கத்துப் பெண்களும் சம்பந்திகளை ஏசிப் பாடுவார்கள். ஏசல் பாட்டு என்றே அதற்குப் பெயர். சின்ன வயதில் கிராமத்துக் கல்யாணங்களில் அதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எழுதி வைக்காத சட்டங்கள் அதில் உண்டு. முதலாவது, திருமாங்கல்ய தாரணம் ஆன பிறகுதான் ஏசல். உறவு முடிச்சுப் போட்டு நிச்சயமான பிறகுதான் கேலிக்கு அனுமதி. இரண்டாவது, ஏசினவர்கள் வாயை மூடிக்கொண்டதும் ஏசப்பட்டவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பதிலுக்கு இடமில்லாத ஏசல் கிடையாது. மூன்றாவதுதான் ரொம்ப நுட்பமானது. சம்பந்தி மாமாவின் சாப்பாடு, மாமியின் காபி, மாப்பிள்ளையின் குறட்டை எல்லாம் பாட்டில் வரும். ஆனால் சீர் விஷயத்தில் நிஜமாகவே மனஸ்தாபம் இருந்தால் சீரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. யாராவது இளசு ஆரம்பித்தால்கூடப் பாட்டி கண்ணால் அடக்கிவிடுவாள்.

இன்னொன்றும் அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. சம்பந்தி மாமா பத்து இட்லி சாப்பிட்டார் என்றால் அது புகார். அறுபது இட்லி சாப்பிட்டு, அண்டாவை எங்கே என்று கேட்டார் என்றால் அது கேலி. நடந்திருக்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கிவிட்டால் கேட்பவர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. மெல்ல மிகைப்படுத்துவதுதான் வம்பு. அது பொய்யா நிஜமா என்று சபைக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். அதனால் இதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது, டார்வினிடம். மனிதர்களும் மிருகங்களும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஹாஸ்யம் என்பது மனசுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, உடம்பின் கிச்சுக்கிச்சுவை ஆராய்கிறார். குழந்தைக்குத் தெரிந்தவர் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கும், முன்பின் தெரியாத ஆள் செய்தால் பயந்து அலறும். தொடுவது லேசாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் விரல் படப்போகிறது என்பது முன்கூட்டித் தெரியக் கூடாது. தனக்குத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கு அவர் சொல்லும் காரணமும் அதுதான். தெரிந்தவர், லேசான கை, எதிர்பாராத இடம். நம் பாட்டிகளின் சட்டம் கிட்டத்தட்ட இதுவேதான்.

இதிலே எது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், வேறொரு ஊரில், எனக்குத் தெரிந்த ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள். பேசியவர் அவருடைய பள்ளிக்கூடத் தோழர், நல்ல மனிதர். "இவன் ஆபீஸில் இருபது வருஷமாக ஒரே நாற்காலி. நடுவில் அந்த நாற்காலிக்குக் கூட சக்கரம் வைத்தார்கள். நகராதவன் இவன் ஒருத்தன்தான்" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. வேடிக்கை என்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரிப்பை அடக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் முன் வரிசையில் அவரைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்ற இரண்டு ஜூனியர்கள் குடும்பத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மகள். பிறந்தநாள்காரரும் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு க்ஷணம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன். அடி பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வலிக்காதவன் சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பான், வலித்தவன் முதலில் தன் மனிதர்களைப் பார்ப்பான். அந்த இரண்டு தோழர்களும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. பேசினவருக்கு இன்னமும் காரணம் புரியவில்லை என்பதுதான் பரிதாபம். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்கிறார்.

அவர் சொல்வது நிஜம்தான். 2006-ல் ஜஸ்டின் க்ரூகர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் இதையே பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேலி செய்பவருக்குத் தன் மனசில் இருக்கும் பிரியம் தெரியும், அதனால் தன் வார்த்தை இதமானது என்று நினைக்கிறார். கேட்பவருக்குத் தெரிவது வார்த்தை மட்டும். இருவரும் ஒரே கேலிக்குப் போடும் மதிப்பெண் ஒத்துப்போவதில்லை. ஆகவே 'என் மனசு சுத்தம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மைக் பிடிக்கக் கூடாது. பிரியம் வார்த்தையிலேயே தெரிய வேண்டும்.

அது எப்படித் தெரியும்? நிந்தாஸ்துதி என்று நம்மிடம் இருக்கிறது. புத்தூரில் கல்யாணத்தைத் தடுத்த கிழவரைச் சுந்தரர் பைத்தியக்காரரே என்று வைதார். பிறகு, வந்தவர் ஈசன் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று திகைத்தபோது, அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னாராம் சுவாமி. பெரிய புராணம் சொல்லும் கதை. வசவும் ஸ்தோத்திரமும் ஒரே சொல்லாக இருந்தது. நான் எடுத்துக்கொண்ட சூத்திரம் இதுதான். எந்தக் குறையைச் சொல்லிக் கேலி செய்கிறோமோ, அந்தக் குறையே கடைசியில் அவருடைய குணமாகத் திரும்ப வேண்டும். முதலில் நாலு கேலி, அப்புறம் 'ஆனாலும் இவர் தங்கமானவர்' என்று தனியாக ஒரு பாராட்டு ஒட்டினால் அது இலையில் கடைசியாக வைக்கும் வாழைப்பழம் மாதிரி. மரியாதைக்கு வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி என் நண்பரின் கேஸுக்கு வருகிறேன். அவர் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர். 2004-ல் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்தார். என்னை 'மாமா' என்பார். இருபத்தைந்து வயது வித்தியாசம் இருந்தாலும் நண்பர்தான். முதலில் ஒரு முழு ஃபுல்ஸ்கேப் தாளில் அவரைப் பற்றித் தெரிந்த எல்லா வேடிக்கையையும் எழுதினேன். எட்டு விஷயங்கள் தேறின. வெளியே போனால் எப்போதும் பை-டூ காபி சொல்வது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எப்போதும் மேக்ரி சர்க்கிள் என்பது. நட்சத்திரப்படி ஒன்று, தேதிப்படி ஒன்று என்று இரண்டு பிறந்தநாள் கொண்டாடுவது. தொப்பை. சாங்கி ஏரியைச் சுற்றி நடக்க வந்து பெஞ்சில் உட்கார்வது. தலைச் சாயம். பிள்ளையின் மார்க். 2023-ல் கம்பெனி ஆள் குறைத்தபோது நாலு மாசம் வீட்டில் இருந்து சமையல் கற்றுக்கொண்டு சாம்பாரைக் கருக்கியது.

இப்போது பேனாவைத் திருப்பி அடிக்க ஆரம்பித்தேன். அவராகவே நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிக்கும் விஷயமா என்பதுதான் முதல் கேள்வி. தலைச் சாயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. போயிற்று. பிள்ளையின் மார்க் அவருடைய சொத்தே அல்ல, அந்தப் பையனுடையது. பையன் அன்று அங்கேயே நிற்பான். போயிற்று. தொப்பையைப் பற்றி அவரே ஜோக் அடிப்பார். ஆனால் அந்த வருஷம் மே மாசத்தில் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்திருந்தது. நேற்றுவரை வேடிக்கையாக இருந்தது இன்று பயமாக மாறியிருக்கலாம். ஆகவே தொப்பையும் பெஞ்சும் சேர்ந்து போயின. பெஞ்சு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதில் நல்ல வேடிக்கை இருந்தது.

மீதி நாலு. அவற்றை எடுத்துக்கொண்டு, அவர் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்து அவருடைய மனைவியிடம் போனேன். இந்தப் படியை யாரும் தவிர்க்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். கேலி செய்யப்படுபவரிடம் முன்கூட்டிக் காட்ட முடியாது, காட்டினால் டார்வினின் எதிர்பாராத இடம் போய்விடும். ஆகவே வீட்டில் ஒருவரிடம் காட்டியாக வேண்டும். அந்தப் பெண் காபி கொடுத்துவிட்டுப் படித்தாள். மூன்றுக்குச் சிரித்தாள். சாம்பாரில் நிறுத்தினாள்.

"மாமா, இது வேண்டாம்."

"ஏம்மா? அவனே அதை எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கான்!"

"உங்ககிட்ட, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லுவார். அம்மாகிட்ட சொன்னதில்லை. வேலை போனதே அம்மாவுக்குத் தெரியாது மாமா. ஒர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லி வெச்சிருந்தார். நாலு மாசம் காலம்பற ஒன்பது மணிக்கு சட்டையை மாட்டிண்டு லேப்டாப் முன்னாடி உக்காருவார். அன்னிக்கு அம்மா முதல் வரிசையில இருப்பா."

பாருங்கள், என் முதல் கேள்வியை அந்த சாம்பார் தாராளமாகத் தாண்டியிருந்தது. அவரே சொல்லிச் சிரிக்கும் விஷயம்தான். ஆனால் யாரிடம் சொல்லிச் சிரிக்கிறார் என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது. ஐம்பது வயதில் இது விசேஷமாக முக்கியம். முப்பது வயதுப் பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சம வயதுத் தோழர்கள். ஐம்பதில் ஒரே அறையில் தாயார், மாமனார், காலேஜ் படிக்கும் பிள்ளைகள், ஆபீஸ் மேலதிகாரி, கீழே வேலை பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் எல்லோரும் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒவ்வொரு விதமாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாமும் அப்படித்தான். (அந்தத் தாயாருக்குப் பிறகு பிள்ளையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதை இங்கே சொல்லவும் அச்சில் போடவும் மூவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

இன்னொரு சபையும் உண்டு, அறைக்கு வெளியே. 2014 டிசம்பரில் மும்பை வொர்லியில் ஏ.ஐ.பி. என்ற ஹாஸ்யக் குழு ரன்வீர் சிங், அர்ஜுன் கபூர் இருவரையும் மேடையில் உட்கார வைத்து 'ரோஸ்ட்' நடத்தியது. கேலி செய்யப்பட்டவர்கள் சம்மதித்தார்கள், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சிரித்தார்கள். 2015 ஜனவரியில் அதையே யூடியூபில் போட்டதும் போலீஸ் புகார்கள் கிளம்பின, சில நாட்களில் வீடியோவை எடுத்துவிட்டார்கள். அவர்கள் பேசின பாஷையை நான் ஆதரிக்கவில்லை. நான் சொல்வது வேறு. உட்கார்ந்திருப்பவரின் சம்மதம் அறைக்குள் மட்டும்தான் செல்லும். இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு கேமரா இருக்கிறது. மறுநாள் காலை அமெரிக்காவிலிருக்கும் மைத்துனன் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. காலேஜ் லேபில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பினால்ஃப்தலீன் சொட்டு விட்ட அமிலத்தில் ப்யூரெட்டிலிருந்து காரத்தைத் துளித்துளியாக விடுவோம். இளம் ரோஜா நிறம் வந்து நின்றால் அதுதான் முடிவு. ஒரு துளி அதிகமானால் பளீரென்று சிவந்துவிடும், அந்தத் துளியைத் திரும்ப எடுக்க வழியில்லை. மூன்று கேலி, ஒரு திருப்பம், ஐந்து நிமிஷம். அதற்கு மேல் விடக் கூடாது என்று தீர்மானித்தேன். முதல் கேலி என் மேலேயே என்றும் வைத்துக்கொண்டேன். அது நம் ஊர் வழக்கம். மல்லேஸ்வரம், பசவனகுடி வீடுகளின் இங்கிலீஷ் கலந்த பேச்சைக் கன்னட நாடகங்களில் அந்தப் போடு போட்ட டி.பி. கைலாசம் யார்? தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் ஜியாலஜி படித்தவர். அந்தக் கலப்படப் பேச்சு அவருடைய சொந்தப் பேச்சும்தான். தன்னையும் சேர்த்துக்கொண்டதால்தான் கேலிக்கு ஆளானவர்களே டிக்கெட் வாங்கி வந்து சிரித்தார்கள்.

அன்று பேசியது இதுதான். கைப்பிரதியிலிருந்தே படிக்கிறேன்:

"சபையோருக்கு நமஸ்காரம். நான் முப்பத்தாறு வருஷம் சர்க்காரில் இருந்தவன். ஆகையால் இந்த உரையை மூன்று பிரதிகளில் தயாரித்திருக்கிறேன். ஒன்று பிறந்தநாள்காரருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று தொலைந்துபோவதற்கு.

இவருக்கு ஐம்பது என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை உண்டு. போன மாசம் நட்சத்திரப் பிறந்தநாள் என்று கூப்பிட்டுப் பாயசம் கொடுத்தார். இன்று தேதிப் பிறந்தநாள் என்று கேக். வருஷத்துக்கு இரண்டு வீதம் இவர் இதுவரை நூறு பிறந்தநாள் கொண்டாடியாயிற்று. அப்புறம் ஐம்பது எங்கிருந்து வந்தது? விசாரித்தேன். நூறை பை-டூ சொல்லியிருக்கிறார்.

2004-ல் இவர் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தர்ஷினிக்கு அழைத்துப்போனார். கவுன்டரில் போய், 'ஒந்து காபி, பை-டூ' என்றார். புதுசாக வந்தவர், கையில் சில்லறை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தொரு வருஷம் ஆயிற்று, இன்னும் அந்தச் சில்லறை வரவில்லை. முழு டம்ளர் காபி வீட்டுக்கு வெளியே எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது. விதான சௌதாவை இவர் கையில் கொடுத்தால், 'மாமா, கிழக்கு வாசல் உங்களுக்கு, மேற்கு வாசல் எனக்கு' என்பார்.

அடுத்தது இவருடைய விலாசம். இவர் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பதாகப் பத்திரம் சொல்கிறது. நான் நம்பவில்லை. எப்போது போன் பண்ணினாலும், 'மேக்ரி சர்க்கிள்ள இருக்கேன் மாமா, அஞ்சு நிமிஷம்' என்பார். மழையில் மேக்ரி சர்க்கிள், வெயிலில் மேக்ரி சர்க்கிள். ஒருநாள் அப்படிச் சொல்லும்போது பின்னால் குக்கர் விசில் கேட்டது. பெங்களூர் டிராஃபிக் அவ்வளவு மோசமாகிவிட்டது, ஜனங்கள் நடுத்தெருவிலேயே சாதம் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது விசிலுக்கு இவர், 'அடுப்பை அணை' என்றார். போலீஸ்காரரிடம் சொல்லியிருப்பார்.

2021 மே மாசம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில் கோவிட். பிள்ளை வெளிநாட்டில். கதவைத் திறக்க முடியாது. மறுநாள் காலை வாசல் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. அரை லிட்டர் பால், ஐந்து தக்காளி, பாதி பூசணிக்காய், ஒரு சின்ன ஃப்ளாஸ்கில் டிகாக்ஷன். இவர்கள் வீட்டுக்கு வாங்கினதில் சரிபாதி. ஊரில் ஆக்ஸிமீட்டர் கிடைக்காத சமயம். இவரிடம் ஒன்று இருந்தது. அதையும் பை-டூ செய்தார். காலையில் எங்கள் வாசலில், மாலையில் நாலாவது மாடிப் பாட்டிக்கு, நடுவில் இவர் துடைத்து எடுத்துப் போவார். பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளில் எந்த நேரத்தில் நான் போன் பண்ணினாலும், 'வாசல்லதான் இருக்கேன் மாமா' என்றார். ஒருநாள்கூட மேக்ரி சர்க்கிளில் இல்லை.

அப்பனே, இன்னும் ஐம்பது பாக்கி இருக்கிறது. அதை மட்டும் பை-டூ செய்யாதே."

இவ்வளவுதான் பேச்சு. சபையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பலத்த சிரிப்பு வந்தது குக்கர் விசிலுக்கு. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், கன்னடக்காரர்களும் வடநாட்டு ஆபீஸ் நண்பர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவருடைய மனைவி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள், ஏனென்றால் அது அவளுடைய குக்கர். நண்பர் யாரைப் பார்க்கிறார் என்று கவனித்தேன். என்னைத்தான் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ளாஸ்க் விஷயம் வந்தபோது அவர் என்னையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நலங்குச் சட்டப்படி நான் பேசி முடித்ததும் மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வாழ்த்துச் சொல்பவர்கள் வரிசையில் அடுத்தவருக்கு அது போய்விடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அவர் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"மாமா இருபத்தொரு வருஷமா பாதி காபிதான் குடிக்கறேன்னு சொன்னார். வாஸ்தவம். அந்த இருபத்தொரு வருஷமா முழுக் காபிக்கு யார் பில் கொடுத்தான்னு மூணு பிரதியிலயும் எழுதலை."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. முதல் வரிசையிலிருந்து அவருடைய தாயார் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனா அவன் பிறந்தது ராத்திரி. அந்த ரெண்டு பிறந்தநாள்ல எதுன்னு இன்னும் எங்காத்துல சண்டை இருக்கு" என்றார்.